பதினேழாம் நாள்

அப்பாவின் திவசத்தன்று காலை 7 மணிக்கு, தெஹிவளையில் அக்கா வீட்டுக் குசினியில் நின்று வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். ஐயர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பாகற்காய்க் குழம்பு ஒரு அடுப்பில், பருப்பு மற்ற அடுப்பில். அப்போதுதான் அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு வந்தது. நான் நம்பவில்லை. நாள் எண்ணிப் பார்த்துத்தான் வந்திருந்தேன். மாதச் சுகயீனம் போனதரம் ஜூன் 7 தொடங்கி 15 இல் முடிந்தது. இன்று ஜூன் 24. எப்படிப் பார்த்தாலும் இன்னும் பத்து நாளாவது இருக்க வேண்டும்.

குளியலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அக்காவை முன் விறாந்தைக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, எனக்கு வந்திட்டுது."

"என்ன வந்தது?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "போன கிழமைக்கு முதல் கிழமைதானே முடிஞ்சது எண்டனி?"

"ஓம். 17 நாள்தான்."

எங்கள் வீடுகளில் இது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். துடக்கு என்றால் படையலுக்குச் சமைக்க முடியாது. நான் தொட்ட குழம்பை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. எனக்கு இந்தத் துடக்கில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் செத்துப்போன அப்பாவோடு வாதாட நான் விரும்பவில்லை. அக்கா இரண்டு நிமிடம் யோசித்தார். பிறகு, "குழம்பு நான் வைச்சது. நீ வெங்காயம் உரிச்சனி, அவ்வளவுதான். போய் உள்ளுக்குப் படு" என்றார். திவசச் சாப்பாட்டில் வெங்காயமே சேர்ப்பதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் பொய்க்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்காக அல்ல. வாழைக்காயை முடிக்கவில்லையே என்றுதான் அழுதேன். 48 வயதுப் பெண், ஒரு கம்பனியில் 19 வருடம் கணக்குப் பிரிவில் இருப்பவள், அரைவாசி சீவிய வாழைக்காய்க்காகத் தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள். அந்த நேரத்திலேயே எனக்கு இது சரியில்லை என்று தெரிந்தது.

மத்தியானம் ஐயர் போய், உறவுகள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என்னைவிட 7 வயது மூத்தவர். "இப்ப சொல்லு. இது இண்டைக்கு மட்டும் வந்த அழுகை இல்லை" என்றார்.

சொன்னேன். ஏப்ரலில் மகளின் சாப்பாட்டுப் பெட்டி மூடி காணாமல் போனதற்கு அவளை நான் கத்தின கத்தலில் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் திறந்து பார்த்தது. பஸ்ஸில் ஒரு கிழவர் எழும்பி எனக்கு இடம் தந்ததும் கண் நிறைந்தது. இரவு 3 மணிக்கு எழுந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, மகளின் ஏ.எல். சோதனை, கணவரின் பிரஷர், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பயப்படுவது. வருடக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த மாதமுடிவுக் கணக்கில் இரண்டு தரம் பிழை விட்டது. அவரோடு பேசவே பிடிக்காமல் போனது. இதற்கெல்லாம் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். மகள் பொறுப்பில்லாதவள், வேலை கூடிப்போச்சு, அவர் என்னைக் கவனிப்பதில்லை. ஒரே இடத்தில் இருந்து எல்லாம் வரக்கூடும் என்று நான் நினைக்கவே இல்லை.

"உனக்கு நிற்கப்போகுது பிள்ளை" என்றார் அக்கா.

"நிற்கப்போகுது எண்டால் குறையவெல்லோ வேணும்? எனக்குக் கூடிக்கொண்டு போகுது."

இந்தக் கேள்விதான் என்னை மாதக்கணக்காகக் குழப்பியிருந்தது. மெனோபாஸ் என்றால், குழாயை மெதுவாகப் பூட்டுவதுபோல, ஐந்து நாள் நான்காகி, நான்கு இரண்டாகி, ஒரு நாள் இல்லாமலே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லித் தந்ததும் இல்லை, வேறு மாதிரிச் சொன்னதும் இல்லை. அம்மாவிடம் கேட்டறிந்திருக்கலாம் என்றால், அம்மாவுக்கு 42 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இயல்பாக நின்ற முதல் ஆள் அக்காதான். அவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"குழாய்த் தண்ணி நிற்கப்போகேக்கை பார்த்தனியோ?" என்றார். "ஒழுங்காக் குறையுமோ? ஒருக்கால் சொட்டும், ஒருக்கால் காத்தோட சீறிக்கொண்டு வரும், பிறகு ஒண்டும் இல்லை, பிறகு திரும்ப. எனக்கும் அப்பிடித்தான்."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அக்காவுக்கு 2020 இல் 50 வயது. மார்ச் மாதம் கொரோனாவுக்கு ஊரடங்குச் சட்டம் போட்டார்களே, அந்த நேரம். எல்லாரும் நித்திரையில்லாமல், எரிச்சலோடு, அழுதுகொண்டுதான் இருந்தார்கள். தனக்கும் அதுதான் என்று அக்கா நினைத்துக்கொண்டாராம். "பிறகு சனம் எல்லாம் கடைக்குப் போகத் தொடங்கிச்சு. ஊரடங்கு எடுத்தும் எனக்கு மட்டும் எடுக்கேல்லை. விசராக்கும் எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அன்று இரவு வெள்ளவத்தைக்கு வந்ததும் குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை இறக்கினேன். சுகயீனம் வருகிற நாளில் ஒரு சின்னப் புள்ளி வைப்பது என் பழக்கம், கோயிலுக்குப் போகிற நாளைக் கணக்குப் பார்ப்பதற்காக. புள்ளிகள் இருந்தன. ஆனால் நான் அவற்றைச் சேர்த்து ஒருதரமும் பார்த்ததில்லை. கணக்காளருக்கு வெட்கம்தான்.

ஒரு தாளில் எழுதினேன். ஜனவரி 4. பெப்ரவரி 1. பெப்ரவரி 24. மார்ச் 27. ஏப்ரல் 18. ஜூன் 7. ஜூன் 24. முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும், முடிந்த நாளிலிருந்து அல்ல. பலர் பிழைவிடுவது அந்த இடத்தில்தான். எண்ணிப் பார்த்தால் 28, 23, 31, 22, 50, 17. முப்பது வருடமாக 28, கூடிப்போனால் 29 என்று வந்தவளுக்கு இது ஒரு வருடத்தில் பாதிக்குள் நடந்தது.

அந்த 50 நாள் இடைவெளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மே மாதக் கடைசியில், 40 நாள் தாண்டியதும், நான் பம்பலப்பிட்டி வரை நடந்து போய் ஒரு பாமசியில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வாங்கினேன். வெள்ளவத்தை பாமசிப் பெடியனுக்கு என்னையும் தெரியும், என் மகளையும் தெரியும். யாருக்கு என்று அவன் நினைப்பான் என்கிற பயம். ஒரு கோடுதான் விழுந்தது. நிம்மதியும் ஒரு சின்ன ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. ஏமாற்றம் ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லையென்று பிறகுதான் டொக்டர் சொன்னார். இந்த வயதில் நாள் தள்ளிப்போனால் முதலில் விலக்க வேண்டியது கர்ப்பத்தைத்தான். ஒழுங்கு கெட்டிருக்கிறது என்பதால் முட்டை வராமலே போய்விட்டது என்று அர்த்தமில்லை. 50 வயதுக்குள் நின்றால் அதற்குப் பிறகும் 2 வருடம், 50க்கு மேல் நின்றால் 1 வருடம் கருத்தடை வேண்டும் என்பது வழக்கம்.

ஜூன் 24 தொடங்கியது நிற்கவில்லை. நான்காம் நாள், பெரிய பாட் வைத்தும் ஒரு மணித்தியாலத்தில் நனைந்தது. அடுத்த மணித்தியாலமும் அப்படியே. ஐந்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய கட்டிகள். அலுவலகக் கதிரையில் இருந்து எழும்ப முதல் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். இரண்டாம் மாடிப் படியேறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு டொக்டரிடம் போனேன். நாடி பார்த்தார், வயதைக் கேட்டார், "இந்த வயசில எல்லாருக்கும் வாறதுதான்" என்று விட்டமின் எழுதித் தந்தார். இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை. எத்தனை பாட் என்று கேட்கவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் வருவதெல்லாம் அதுதானா என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அக்காதான் விடவில்லை. பெண்நோய்களுக்கான விசேட டொக்டர், வி.ஓ.ஜி. ஒருவரைச் சனல் பண்ணி, தானும் கூட வந்தார். நாள் எழுதிய தாளைக் கொண்டுபோனேன். டொக்டர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிச் சொன்னதை அக்காவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்காவின் சிங்களம் மரக்கறிக் கடை வரைக்கும்தான். இந்த மொழிபெயர்ப்பு நல்லதாய்ப் போயிற்று. அக்காவுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டியிருந்ததால் எனக்கும் விளங்கியது.

ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் ஒரு முட்டை முதிர்கிறது. அது வளரும்போது ஈஸ்ட்ரஜன் சுரந்து கர்ப்பப்பையின் உள்தோலைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியே வந்த பிறகு, அது இருந்த கூடு இரண்டு கிழமை அளவுக்குப் புரஜெஸ்டரோன் சுரக்கிறது. அந்த உள்தோலைக் கட்டுக்குள் வைப்பதும், நாள் வந்ததும் ஒரே நேரத்தில் ஒழுங்காகக் கழன்றுவிழச் செய்வதும் இந்தப் புரஜெஸ்டரோன் ஏறி இறங்குவதால்தான். நாற்பதுகளின் பின்பாதியில் முட்டைகள் குறைந்துவிடும். மூளை கூடுதலாகச் சத்தம் போட்டுக் கூப்பிடும். சில மாதம் சூலகம் அளவுக்கு மீறிப் பதில் சொல்லும், சில மாதம் முட்டையே வெளியே வராது. முட்டை வராவிட்டால் புரஜெஸ்டரோனும் இல்லை. ஈஸ்ட்ரஜன் மட்டும் தன்பாட்டில் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் தாங்காமல் அங்கொரு துண்டு இங்கொரு துண்டாக, நாட்கணக்கில் கழரும்.

"உரம் போட ஆள் இருக்கு, புல்லு வெட்ட ஆள் வரேல்லை" என்று நான் அக்காவுக்குச் சொன்னேன். டொக்டர் என்னவென்று கேட்டு, சிங்களத்தில் சொன்னதும் சிரித்தார்.

ஆக, அந்த 50 நாள் 'குறைந்தது' என்று நான் நினைத்த காலத்தில்தான் அடுத்தடுத்த இரண்டு பெருக்குக்கும் வேண்டியது உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது.

அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையில் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம், அதுவும் ஒருதரத்தோடு நில்லாமல் திரும்பத் திரும்ப வருவது, இந்த மாறுதலின் தொடக்கம் என்று மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். 60 நாளோ கூடவோ வராமல் போகத் தொடங்கினால் கடைசிக் கட்டத்துக்கு வந்தாயிற்று, அதற்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வருடம் அளவில் நிற்கும். எனக்கு 28க்கும் 23க்கும் இடையில் 5 தான். 23, 31, 22, 50, 17 என்று போனதில் எல்லா இடமும் 7ஐத் தாண்டியிருக்கிறது. இதற்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். மெனோபாஸ் என்பது கடைசிச் சுகயீனம் வந்து முழுதாக 12 மாதம் போன பிறகு திரும்பிப் பார்த்து வைக்கிற பெயர். அந்த நாளில் நமக்கு அதுதான் கடைசி என்று தெரியாது.

கனடாவிலிருக்கிற எங்கள் மச்சாள் சொன்னபடி, ஹோர்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மூளை சூலகத்தைக் கூப்பிடுகிற ஹோர்மோனான எஃப்.எஸ்.எச்., இந்தக் காலத்தில் இந்தக் கிழமை ஒன்று காட்டும், அடுத்த கிழமை வேறொன்று காட்டும். 45 தாண்டியவருக்கு இப்படி நாள் மாறி, வியர்வையும் சேர்ந்து வந்தால், அதைத் தெரிந்துகொள்ள இந்தத் தாளே போதும் என்றார். அந்தக் காசுக்கு எடுக்க வேண்டியவை வேறு என்று எழுதினார்: இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைரொயிட், ஸ்கேன். தைரொயிட் ஏன் என்றால், அது கூடினாலும் குறைந்தாலும் நாள் மாறும், மனம் மாறும், வியர்க்கும், களைக்கும். வெளியே பார்க்க இதைப்போலவே இருக்கும்.

அத்தோடு இன்னொன்றும் சொன்னார். 45க்கு மேல் இந்தளவு இரத்தம் போனால் வயது என்று விட்டுவிடக்கூடாது. உள்தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். காரணம் நான் ஏற்கெனவே சொன்னதுதான். வெட்ட ஆளில்லாமல் வளர்கிற தோல் சிலருக்குப் புற்றுநோய்ப் பக்கம் திரும்பலாம். அதை அக்காவுக்குச் சொல்லும்போது என் தமிழ் கொஞ்சம் தடுமாறியது.

துண்டெடுப்பது அதே கிழமை நடந்தது. ஸ்ட்ரோ மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு இழுப்பார்கள். ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு. முதல்நாள் வயிற்றுவலி நான்கு மடங்காக வந்து போனதுபோல் இருந்தது. நான் கத்தவில்லை என்று எழுத ஆசை, ஆனால் கத்தினேன்.

ரிப்போர்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் வீட்டில் யாரையும் கத்தவில்லை. பயம் வந்தால் கோபத்துக்கு இடமிருக்காது போல.

புற்றுநோய் இல்லை. புற்றுநோய்ப் பக்கம் போகிற கலங்களும் இல்லை. முட்டை வராத மாதங்களின் ஒழுங்கற்ற வளர்ச்சி என்று எழுதியிருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் வெளிச்சுவரில் 2 சென்ரிமீட்டர் ஃபைப்ரொயிட் கட்டி ஒன்று. உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால்தான் அது இரத்தத்தைக் கூட்டும், இதை விட்டுவிடலாம் என்றார். தைரொயிட் சரி. ஆனால் ஹீமோகுளோபின் 8.9. இருக்க வேண்டியது 12. சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. வங்கியில் மீதியில்லாமல் மாதாமாதம் காசோலை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன். படியில் நெஞ்சு அடித்தது வயதால் அல்ல. மாதமுடிவுக் கணக்குப் பிழைத்ததிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கலாம்.

இரும்புக் குளிசை ஒன்று, வெறும் வயிற்றில், தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரோடு. பிளேன்ரீ அதோடு ஆகாது. தேயிலையில் உள்ள டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். காலை எழும்பினவுடன் பிளேன்ரீ குடிக்காமல் இருப்பது என்பது இலங்கையில் பிறந்த எவருக்கும் தண்டனைதான். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டார்கள். சொல்லாவிட்டால் திரும்பவும் சனல் பண்ணியிருப்பேன். இரத்தம் கூடப்போகிற நாட்களுக்கு மட்டும் டிரனெக்ஸாமிக் அசிட், ஒரு நாளைக்கு மூன்று தரம், நான்கு நாளுக்கு மேல் போகாமல். முன்பு காலில் இரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். கட்டியவர்களுக்கு அது ஆகாது.

நிரந்தரமான வழி என்று ஹோர்மோன் லூப்பைச் சொன்னார். கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து, வராத அந்தப் புல்லு வெட்டுகிறவரின் வேலையைப் பல வருடம் செய்யும். கருத்தடையும் ஆயிற்று. நான் ஒரு மாதம் யோசித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். முதல் மூன்று மாதம் துளித்துளியாக வந்து எரிச்சல் மூட்டியது, பிறகு அடங்கியது. அம்மாவின் காலத்தில் எனக்கு நடந்தது போன்ற இரத்தப்போக்குக்குக் கர்ப்பப்பையையே எடுத்திருப்பார்கள். அம்மாவுக்கு எடுத்ததும் இதற்காகத்தானா? கேட்க அம்மா இல்லை.

மனநிலைக் கதை இதுபோல நேராகப் போகவில்லை. டொக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிள்ளை பெற்ற பிறகு மனம் சரியில்லாமல் இருந்ததா? மகள் பிறந்தபோது இல்லை. மகன் பிறந்து மூன்று மாதம் நான் யாரோடும் பேசவில்லை, குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக் களைப்பு என்று அம்மா சமாளித்துவிட்டார். ஹோர்மோன் ஏறி இறங்கும்போது ஒருதரம் ஆடிப்போனவர்களுக்கு இந்த வயதில் திரும்பவும் ஆடும் வாய்ப்பு கூட என்று டொக்டர் சொன்னதை மொழிபெயர்த்தபோது, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த மூன்று மாதம் நினைவிருந்தது.

தாளில் இன்னும் மூன்று நிரல் போட்டேன். இரவு எத்தனை தரம் எழுந்தேன், வியர்த்ததா, பகலில் மனம் எப்படி. வியர்வையைப் பிடிப்பது கொழும்பில் லேசில்லை. ஏப்ரல் புழுக்கத்தில் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் பார்க்கப் பார்க்க வித்தியாசம் தெரிந்தது. புழுக்கத்து வியர்வை மெல்ல மெல்லச் சேரும். இது நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று அலையாக ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும், முடிந்ததும் குளிரும். அதே ஃபானுக்குக் கீழே அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் சுகயீனத்துக்கு மூன்று நாள் முதல் வரும், அவரும் கவனமாக இருப்பார். இப்போது அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மோசமான நாள் என்று எழுதிய 19 நாட்களில் 14, இரண்டு தரமோ கூடவோ எழுந்த இரவுக்கு அடுத்த நாள். மகள் பொறுப்பில்லாதவள் என்பது உண்மைதான், ஆனால் அவள் நான் நித்திரை கொண்ட நாட்களிலும் அதேயளவு பொறுப்பில்லாதவள். மீதி 5 நாளுக்கு எந்தக் காரணமும் அகப்படவில்லை. அந்த ஐந்தில் ஒன்று, கடற்கரையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன என்று நினைத்த நாள். அதை டொக்டரிடம் சொன்னேன். அவர் அதை வயது என்று சொல்லவில்லை. மனநல டொக்டர் ஒருவருக்குக் கடிதம் தந்தார், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அதன் மூலையில் எழுதினார். இரவு 3 மணிக்கும் எடுக்கலாம் என்றார். சிறிய அளவில் ஒரு மாத்திரை இப்போதும் எடுக்கிறேன். வீட்டில் அவருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அந்த முதல்நாள், கிளினிக்கிலிருந்து எழும்ப முதல், டொக்டர் பொதுவாக ஒன்று சொன்னார். 12 மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும், வலியில்லாவிட்டாலும், ஒருதரம் மட்டுமே வந்தாலும் வந்து காட்ட வேண்டும். நான் அதையும் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

திரும்பி வரும்போது மரைன் டிரைவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். மாலை 5 மணி, காற்று பலமாக இருந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் வந்தார். ஒரு ரயில் போய் முடிந்ததும் சொன்னார்.

"எனக்குப் போன மார்கழியில ஒருக்கால் வந்தது."

"என்ன வந்தது?"

"கொஞ்சம்தான். உடுப்பில ஒரு கறை. ரெண்டு நாள். எனக்கு நிண்டு அப்பவே மூண்டு வருசத்துக்கு மேல."

நான் நின்றுவிட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"வெல் வுமன் கிளினிக்கில எனக்குப் பாப் எடுத்தவை. ஒண்டும் இல்லை எண்டு கடிதமும் தந்தவை. பிறகேன் எண்டு நினைச்சன்."

1996 முதல் நாட்டில் நடக்கும் அந்தக் கிளினிக்குகளில் பாப் சோதனை செய்வது நல்ல காரியம், நானும் 35 வயதில் செய்தேன். ஆனால் அது பார்ப்பது கர்ப்பப்பையின் கழுத்தை. உள்தோலை அது பார்ப்பதில்லை. அரை மணித்தியாலத்துக்கு முதல் எனக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. என் துண்டெடுப்பைப் பற்றிப் பேசும்போது, பாப் எடுத்தால் போதாதா என்று நான்தான் கேட்டிருந்தேன். இல்லை என்று டொக்டர் சொன்னதை அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. என் பயத்தில் விட்டுவிட்டேன்.

அங்கேயே நின்று ஃபோனை எடுத்து அதே டொக்டரைச் சனல் பண்ணினேன். வியாழக்கிழமை, இலக்கம் 11. அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு இருக்கிற பிரச்சினை காணாதெண்டு நானும்" என்றார். நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன், அதற்கு ஹோர்மோனைக் குற்றம் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை நான் வெளியே வாங்கில் இருந்தேன். அக்கா தனியாகத்தான் உள்ளே போவேன் என்றார், டொக்டருக்கு ஓரளவு தமிழ் விளங்கும் என்று கண்டுபிடித்திருந்தார். இந்த மாதிரி வந்து காட்டுகிறவர்களில் பெரும்பாலானவருக்குத் தோல் வரண்டு மெலிந்ததுதான் காரணம், பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் புற்றுநோய் என்று எனக்கு அப்போது தெரியும். தெரிந்தும், இலக்கம் 12 காரர் என் பக்கத்தில் இருமினபோது எழும்பிப் போய் வேறு கதிரையில் இருந்தேன்.

ஸ்கேன் முடித்து அக்கா வந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ரிப்போர்ட்டை நீட்டினார்.

"வாசி."

உள்தோலின் தடிப்பு 3 மில்லிமீட்டர். நின்றுபோனவர்களுக்கு 4 அல்லது அதற்குக் குறைவென்றால் புற்றுநோய் இருப்பது மிக அரிது. திரும்ப ஒருதரம் வந்தால் மட்டும் துண்டெடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், பூசுவதற்கு ஒரு கிரீம் எழுதியிருக்கிறார். மூன்று என்று நான் விரலைக் காட்டினேன். அக்கா தன் பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அப்ப உன்ர அந்தத் தாளில என்னையும் எழுதிப்போட்டியோ?"

எழுதியிருந்தேன். மார்கழி என்று, பென்சிலால், ஆகக் கீழே.